பழைய மலரில் தாத்தா பெயரைத் தேடணுமா? டிஃப் ஸ்கேனை இப்படி மாத்துங்க!

1965-ல் அச்சான பள்ளி ஆண்டு மலர், ஸ்கேன் செய்யப்பட்டு malar.tif என்ற ஒரே ஃபைலாக உங்களுக்குக் கிடைத்திருக்கிறது என வைத்துக்கொள்வோம். உள்ளே 48 பக்கங்கள். மொபைலில் திறந்தால் பல ஆப்களில் முதல் பக்கம் மட்டும்தான் தெரியும். அதை ஆன்லைன் கன்வெர்ட்டரில் போட்டு பிடிஎஃப் ஆக்கினால் எல்லா பக்கமும் வந்துவிடும். ஆனா, 'அண்ணாமலை'ன்னு தாத்தா பெயரைத் தேடினால் ஒண்ணும் வராது. காரணம், அந்த பிடிஎஃப்பில் இருப்பது வெறும் படம், எழுத்து இல்லை.

என்ன செய்யணும்?

படத்தில் உள்ள எழுத்தைப் படிக்கும் ஓசிஆர் மென்பொருள் வேண்டும். 'டெஸராக்ட்' இலவசம். கம்ப்யூட்டரில் இன்ஸ்டால் செய்யும்போது கூடுதல் மொழிகளில் தமிழையும் டிக் செய்யுங்கள். பிறகு ஃபைல் இருக்கும் ஃபோல்டரில் இந்த ஒரு வரி போதும்:

```
tesseract malar.tif malar -l tam pdf txt
```

48 பக்கங்களையும் அதுவே ஒவ்வொன்றாகப் படிக்கும். முடிவில் இரண்டு ஃபைல்கள் கிடைக்கும். malar.pdf-ல் பழைய பக்கம் அப்படியே தெரியும்; அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத எழுத்து அடுக்கு இருக்கும். malar.txt-ல் அந்த எழுத்து மட்டும் தனியாக இருக்கும்.

இப்பவும் தாத்தா பெயர் வரலையா?

'அப்போ மலரில் அவர் பெயரே இல்லை' என்று முடிவு கட்டிடாதீங்க. தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் 1978-ல்தான் வந்தது. அதற்கு முன் ணை, லை, ளை, னை ஆகியவை யானைத் தும்பிக்கை போன்ற கொம்போடு அச்சாகின. ணா, றா, னா போன்றவையும் வேறு வடிவம். இப்படி மாறியவை மொத்தம் 13 எழுத்துகள். இன்றைய எழுத்தில் பழகிய மென்பொருள் இவற்றில்தான் பெரும்பாலும் தடுமாறும். 'அண்ணாமலை'யில் அப்படி இரண்டு எழுத்து இருக்கே!

இதற்கு ஒரு வழி உண்டு. 'அண்ணாமலை' என்ற பெயர் அச்சாகியிருக்கும் ஏதாவது ஒரு பக்கத்தை முதலில் கண்ணால் கண்டுபிடியுங்கள். அதே இடத்தை malar.txt-ல் பாருங்கள். மென்பொருள் அதை எப்படித் தப்பாகப் படித்திருக்கிறது என்று தெரிந்துவிடும். ஒரே அச்சு என்பதால் அதே தப்பு மற்ற பக்கங்களிலும் திரும்ப வர வாய்ப்பு அதிகம். எனவே அந்தத் தப்பான வடிவத்தையே பிடிஎஃப்பில் தேடுங்கள்.

அப்படி ஒரு பக்கம் கிடைக்கவில்லையா? மாறாத எழுத்துகளை மட்டும் தேடுங்கள். 'அண்ணாமலை'க்கு 'அண்', 'விளையாட்டு'க்கு 'யாட்டு', 'சென்னை'க்கு 'சென்'. தேவையில்லாததும் சில வரும். ஆனால் தேடுவது தப்பிப் போகும் வாய்ப்பு குறைவு.

எழுத்து மங்கலாக, மை பரவி இருக்கும் பக்கங்களில் இந்த வழியும் கைகொடுக்காது. அந்தப் பக்கங்களைக் கண்ணால்தான் படிக்கணும். எல்லாம் முடிந்த பிறகும் malar.tif-ஐ டெலிட் செய்யாதீங்க. பழைய எழுத்தை நன்றாகப் படிக்கும் மென்பொருள் நாளை கிடைத்தால், மறுபடி அதிலிருந்துதான் தொடங்கணும்.