ஒருவர், இரண்டு புத்தகங்கள்

தமிழில் எண்ணும்போது ஆளுக்கு ஒரு வழி, பொருளுக்கு இன்னொரு வழி. ஆட்களுக்கு ஒருவர், இருவர், மூவர், நால்வர், ஐவர் எனத் தனி வடிவங்களே இருக்கின்றன. புத்தகங்களுக்கு அப்படி இல்லை. ஒரு புத்தகம், இரண்டு புத்தகங்கள், அவ்வளவுதான். எழுதியது சரியா என்று சந்தேகம் வந்தால், அதே வாக்கியத்தைக் கேள்வியாக்கிப் பாருங்கள். 'எத்தனை பேர் வந்தார்கள்?' என்றால் 'இருவர்' பொருந்தும். 'எத்தனை புத்தகங்கள்?' என்று கேட்டால் 'இருவர்' என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

'மாணவர் இருவர் வந்தனர்' என்று எண்ணைப் பின்னால் வைத்தால் 'மாணவர்' என்ற ஒருமையே போதும். முன்னால் வந்தால் 'இரண்டு மாணவர்கள்'. 'இருவர் மாணவர்கள்' என்று கலந்து எழுதுவதே தவறு.

அடுத்து ஒற்று. 'பேர்' சேரும்போது ஐந்து பேர், ஏழு பேர் என ஒற்று மிகாது. எட்டும் பத்தும் மட்டும் வேறு: எட்டுப் பேர், பத்துப் பேர். சங்க நூல் தொகுப்புகளின் பெயர்களைச் சொல்லிப் பார்த்தாலே இது காதில் விழும்: எட்டுத்தொகை, பத்துப்பாட்டு. செய்தித்தாள்களில் பெரும்பாலும் 'பத்து பேர்' என்றே அச்சாகிறது. நான் ஒற்றோடுதான் எழுதுவேன்.