ஒரே அட்டவணையில் மூன்று பி மதிப்புகள்

உளவியல் ஆய்வு மாணவர் ஒருவர் எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளில் தரவை ஏற்றி, இரண்டு குழுக்களை ஒப்பிட டி-சோதனையை ஓட்டினால், விடை வர ஒரு நொடிகூட ஆகாது. வேலை தொடங்குவதே அதற்குப் பிறகுதான். திரையில் கட்டம் கட்டமாக வந்து விழும் எண்களில் எவை ஆய்விதழுக்குப் போக வேண்டும், எவை திரையிலேயே நிற்க வேண்டும், எந்த எண் எந்த எண்ணோடு சேர வேண்டும் என்று பிரித்தெடுப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

எஸ்.பி.எஸ்.எஸ். 1968-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவானது; 2009-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் கைக்குப் போனது. கணக்கிட்ட எல்லாவற்றையும் காட்டிவிடுவதே அதன் இயல்பு. உளவியல் இதழ்கள் பெரும்பாலும் பின்பற்றும் அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏ.பி.ஏ. கையேடோ வாசகருக்குத் தேவையானதை மட்டும் கேட்கிறது. அதன் ஏழாம் பதிப்பு 2019-இல் வந்தது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். விளக்கத்துக்காக அமைத்த எண்கள் இவை. விடுதியில் தங்கிப் படிக்கும் 60 மாணவர்கள், வீட்டிலிருந்து வரும் 30 மாணவர்கள்; இரு தரப்பின் தேர்வுப் பதற்றத்தையும் ஒரு வினாத்தாள் அளக்கிறது. விடுதி மாணவர்களின் சராசரி 34.2, திட்ட விலக்கம் 6.0. வீட்டிலிருந்து வருவோரின் சராசரி 30.8, திட்ட விலக்கம் 9.0. எஸ்.பி.எஸ்.எஸ். தரும் சோதனை அட்டவணையின் முக்கியப் பகுதி இப்படி இருக்கும்:

```
                             F      Sig.  t      df      Two-Sided p
Equal variances assumed      9.410  .003  2.133  88      .036
Equal variances not assumed               1.872  42.294  .068
```

இதில் பி மதிப்பு என்று சொல்லத்தக்கவை மூன்று: .003, .036, .068. புதிதாகப் பழகுபவரின் கண் முதலில் போய் நிற்பது .003-இல்தான். இடப்பக்கம் இருக்கிறது, சிறியதாகவும் இருக்கிறது. ஆனால் அது பதற்றத்தைப் பற்றிய விடையே அல்ல. இரு குழுக்களிலும் மதிப்பெண்கள் சிதறிக் கிடக்கும் அளவு ஒன்றா என்று பார்க்கும் லெவீன் சோதனையின் விடை அது. .05-க்குக் கீழே இருப்பதால், சிதறல் ஒரே அளவில் இல்லை என்று அது சொல்கிறது. 6.0, 9.0 என்ற திட்ட விலக்கங்களைப் பார்த்தாலே அதை ஊகிக்கலாம்.

அடுத்து எந்த வரியைப் படிப்பது என்ற கேள்வி வருகிறது. சிதறல் சமம் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு மேல் வரி. அப்படி வைத்துக்கொள்ளாமல் போட்டது கீழ் வரி. பி. எல். வெல்ச் 1947-இல் வெளியிட்ட முறை இந்தக் கீழ் வரியில் இருக்கிறது. நம் எடுத்துக்காட்டில் சிதறல் அதிகமுள்ள குழுவே சிறிய குழுவாகவும் இருக்கிறது. அப்படி அமைந்தால் மேல் வரி வேறுபாட்டைத் தேவைக்கு மேல் உறுதியானதாகக் காட்டிவிடும். .036 என்று அது சொல்வது அதனால்தான். சரியான விடை கீழே உள்ள .068. முடிவே மாறிப்போகிறது: மேல் வரியை எழுதினால் ‘வேறுபாடு உண்டு’ என்று கட்டுரை அறிவிக்கும், கீழ் வரியை எழுதினால் அப்படிச் சொல்ல இயலாது. லெவீன் விடைக்காகக் காத்திராமல் எப்போதும் வெல்ச் வரியையே எழுதுங்கள் என்று டெலாக்ர், லேக்கன்ஸ், லெய்ஸ் ஆகியோர் 2017-இல் வாதிட்டார்கள். அந்த யோசனையில் நியாயம் இருக்கிறது. எந்த வரி என்பதை முன்னரே தீர்மானித்துவிட்டால், சாதகமான எண்ணைத் தேடிப் போகும் ஆசைக்கு இடமிருக்காது.

வரி முடிவானதும் எண்களைச் செப்பனிட வேண்டும். எஸ்.பி.எஸ்.எஸ். சராசரியை 34.2000 என்றும் திட்ட விலக்கத்தை 6.00000 என்றும் அச்சிடும். முழு எண்களாலான மதிப்பெண்களுக்கு ஒரு தசம இடம் போதும் என்பது ஏ.பி.ஏ. வழக்கம். டி மதிப்புக்கு இரண்டு இடம், பி மதிப்புக்கு இரண்டு அல்லது மூன்று. பி மதிப்பு ஒன்றைத் தாண்ட முடியாது என்பதால் புள்ளிக்கு முன்னால் சுழியம் போடுவதில்லை. விளைவின் அளவைக் காட்டும் d ஒன்றைத் தாண்டக்கூடியது, ஆகவே 0.48 என்று சுழியத்தோடு எழுதுகிறோம்.

அந்த d-யை எடுப்பதிலும் ஒரு வழுக்கல் உண்டு. 27-ஆம் பதிப்பு முதல் எஸ்.பி.எஸ்.எஸ். அதைத் தனி அட்டவணையில் தருகிறது. அதில் `Standardizer` என்ற பத்தி முதலில் வரும். நம் எடுத்துக்காட்டில் அங்கே 7.13 என்று இருக்கும். அது இரு குழுக்களையும் சேர்த்துக் கணக்கிட்ட திட்ட விலக்கம். d இருப்பது அடுத்துள்ள `Point Estimate` பத்தியில். உளவியலில் d 7.13 என்று ஒரு கட்டுரை சொன்னால், அனுபவமுள்ள மதிப்பீட்டாளர் அந்த இடத்திலேயே பேனாவை எடுத்துவிடுவார்.

எல்லாம் சேர்ந்த வாக்கியம் இப்படி அமையும்: விடுதி மாணவர்களின் பதற்ற மதிப்பெண் (M = 34.2, SD = 6.0) வீட்டிலிருந்து வருவோருடையதைவிட (M = 30.8, SD = 9.0) அதிகமாக இருந்தாலும், வெல்ச் சோதனையின்படி அந்த வேறுபாடு புள்ளியியல் நோக்கில் குறிப்பிடத்தக்கதாக இல்லை, t(42.29) = 1.87, p = .068, 95% CI [-0.3, 7.1], d = 0.48. அச்சில் t, p, M, SD, d ஆகியவை சாய்வெழுத்தில் வரும்.

முதலில் வருவது மாணவர்களைப் பற்றிய செய்தி. எண்கள் அதற்குச் சான்றாகப் பின்னால் நிற்கின்றன. ‘வேறுபாடு இல்லை’ என்று எழுதவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அந்த அடைப்புக்குள் இருக்கும் நம்பிக்கை இடைவெளி, சுழியத்துக்குச் சற்றுக் கீழே தொடங்கி ஏழு மதிப்பெண் வரை நீள்கிறது. வேறுபாடே இல்லாமலும் இருக்கலாம், கணிசமாகவும் இருக்கலாம் என்றுதான் இந்தத் தரவு சொல்கிறது.

ஒரே ஓர் அளவீடு என்றால் இந்த வாக்கியமே போதும், அட்டவணை வேண்டாம். பதற்றத்தோடு தூக்கம், தன்மதிப்பு என நான்கைந்து அளவீடுகள் சேரும்போதுதான் அட்டவணைக்கு வேலை. திரையில் உள்ளதை அப்படியே நகலெடுத்து ஒட்டினால் கட்டங்களும் தேவையற்ற தசமங்களும் கூடவே வரும். வேர்டில் புதிதாக வரைவதே சுலபம்: அளவீட்டுக்கு ஒரு வரி, குழுவுக்கு இரண்டு பத்திகள், நெடுக்குக் கோடு ஒன்றுகூடக் கிடையாது. எந்த வரியைப் படித்தோம், d எந்தத் திட்ட விலக்கத்தால் வகுக்கப்பட்டது என்பதை அட்டவணையின் அடிக்குறிப்பில் சொல்லிவிட வேண்டும்.

பழைய பதிப்புகளில் `.000` என்று ஒரு பி மதிப்பு வரும். எந்த நிகழ்தகவும் அப்படிச் சுத்தமாகச் சுழியம் ஆவதில்லை. மூன்று இடத்துக்கு மேல் காட்டாததால் வந்த தோற்றம் அது. கட்டுரையில் p < .001 என்று எழுத வேண்டும். அட்டவணையை இருமுறை சொடுக்கித் திறந்து, அந்த எண்ணையும் இருமுறை சொடுக்கினால் முழு மதிப்பு தெரியும்.

இந்தப் பிழைகள் மாணவர்களோடு நின்றுவிடுவதில்லை. நெதர்லாந்தின் மிஷேல் நைட்டனும் உடன் ஆய்வாளர்களும் எட்டு உளவியல் இதழ்களில் 1985 முதல் 2013 வரை வந்த கட்டுரைகளை ஸ்டேட்செக் என்ற கருவியால் சரிபார்த்து, முடிவுகளை 2016-இல் வெளியிட்டார்கள். ஏறத்தாழ பாதிக் கட்டுரைகளில் ஓர் இடத்திலாவது பி மதிப்பு அதன் சோதனை மதிப்போடும் df எண்ணோடும் பொருந்தவில்லை. எட்டில் ஒன்றில் அந்தப் பொருத்தமின்மை முடிவையே மாற்றக்கூடியதாக இருந்தது. மேல் வரியின் டி-யையும் கீழ் வரியின் பி-யையும் கலந்து t(88) = 2.13, p = .068 என்று எழுதினால், இந்தக் கருவி கணக்கைத் திரும்பப் போட்டு, பி .036 அல்லவா இருக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் எல்லா எண்களையும் மேல் வரியிலிருந்தே எடுத்திருந்தால் அதற்குத் தெரியாது. அங்கே கணக்கு பொருந்துகிறது, தேர்ந்தெடுத்த வரிதான் தவறு. அதை மனிதக் கண்தான் பிடிக்க வேண்டும்.

கட்டுரையை அனுப்பிய பிறகும் `.sav` தரவுக் கோப்பையும் `.spv` வெளியீட்டுக் கோப்பையும் அழித்துவிடாதீர்கள். வெளியான பிறகு குறைந்தது ஐந்து ஆண்டுகளாவது தரவை வைத்திருக்கச் சொல்கிறது ஏ.பி.ஏ.