விடச் சொல்வதற்கு முன், அவர் எந்தப் படியில் நிற்கிறார்?

மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்புபவரின் மனைவியோ மகனோ எங்களிடம் அடிக்கடி கூறுவது ஒன்றுண்டு: "எவ்வளவு சொல்லியும் பீடியை விடமாட்டேன் என்கிறார், டாக்டர். நீங்களே கொஞ்சம் கண்டித்துச் சொல்லுங்கள்." கண்டிப்பு பெரும்பாலும் பயன் தருவதில்லை. சொல்லப்படும் சொல் அவர் நிற்கும் படிக்குப் பொருந்தாமல் போவது இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

அமெரிக்க உளவியலாளர்களான ஜேம்ஸ் புரோச்சாஸ்கா, கார்லோ டிக்ளமெண்டி ஆகிய இருவரும், புகைப்பழக்கத்தைத் தாமாகவே மாற்ற முயன்றவர்களை ஆராய்ந்து, மாற்றம் ஒரே நாளில் நிகழ்வதன்று, படிப்படியாக நிகழ்வது என்று 1983இல் எழுதினர். பின்னர் செம்மைப்படுத்தப்பட்ட வடிவில் அப்படிகள் ஐந்து: விடுவதைப் பற்றி எண்ணாத நிலை, எண்ணித் தயங்கும் நிலை, ஆயத்த நிலை, செயல் நிலை, காத்துக்கொள்ளும் நிலை.

விசைத்தறியில் வேலை செய்யும் 54 வயதுடைய ஒருவரை எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு இருபது பீடி புகைப்பவர். "என் அப்பா எண்பது வயதுவரை பீடி குடித்தார், அவருக்கு என்ன ஆயிற்று?" என்கிறார். இவர் முதற்படியில் இருக்கிறார். இவரிடம் விடும் நாளைக் குறிக்கச் சொன்னால் பேச்சே முறிந்துவிடும். மனைவி இப்படிக் கேட்கலாம்: "மாடிப்படி ஏறும்போது இப்போது எப்படி இருக்கிறதுங்க? டாக்டர் சொன்னதை உங்களிடம் சொல்லட்டுமா?" முதலில் கேட்டு, இசைவு பெற்று, ஒரே ஒரு செய்தியைச் சொல்லி, "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று மீண்டும் கேட்பதே இங்கு ஏற்ற முறை. அச்செய்தி இதுவாக இருக்கலாம்: புகையை நிறுத்தி ஓராண்டு ஆகும்போது, புகையினால் கூடிய இதயநோய் ஆபத்து ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது.

சில வாரங்களுக்குப் பின் அவர், "விடத்தான் வேண்டும், ஆனால் இரவுப் பணியில் பீடி இல்லாமல் முடியாது" என்கிறார். இந்த 'ஆனால்' இரண்டாம் படியின் அடையாளம். உடனே அதை மறுத்து வாதிட்டால், அவர் பீடியின் பக்கம் நின்று பேசத் தொடங்குவார். "இரவில் விழித்திருக்க அது உதவுகிறது, பேத்தியைத் தூக்கினால் மூச்சு வாங்குவதும் உங்களுக்கு வருத்தமாக இருக்கிறது" என்று இருபக்கத்தையும் அவருக்கே எடுத்துக்காட்டினால், முடிவை நோக்கி அவரே நகர்வார்.

"அடுத்த மாதம் முதல் தேதி" என்று அவர் சொல்லும்போது ஆயத்த நிலை வந்துவிட்டது. இப்போது அறிவுரை தேவையில்லை, ஏற்பாடு தேவை. வீட்டிலும் சட்டைப்பையிலும் உள்ள பீடிக்கட்டு, தீப்பெட்டி ஆகியவற்றை அகற்றுங்கள். உடன் வேலை செய்வோரிடம் அவரே சொல்லிவைக்கட்டும். நிகோட்டின் சூயிங்கம் போன்ற மருந்துகள் உண்டு; இதயநோயாளிகள் அவற்றை மருத்துவரைக் கேட்டே பயன்படுத்த வேண்டும். 1800-11-2356 என்னும் தேசிய இலவசத் தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

விட்ட முதல் சில நாட்களில் எரிச்சல், தூக்கமின்மை, பசி ஆகியன மிகும்; பெரும்பாலோருக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணியும். அவருடைய கோபத்தைக் குடும்பத்தார் தம்மீதான வெறுப்பாகக் கொள்ள வேண்டாம். புகைக்கும் வேட்கை அலைபோல எழுந்து சில நிமிடங்களில் தானே அடங்கும். அந்நேரத்தில் தண்ணீர் அருந்தச் செய்வதும், சற்று நடந்துவர உடன் செல்வதும் போதும். ஆறு மாதம் கடந்தால் அவர் காத்துக்கொள்ளும் நிலையை அடைகிறார்.

நான்காம் மாதம் ஒரு திருமண வீட்டில் ஒரு பீடி புகைத்துவிட்டார் எனக் கொள்வோம். "இவ்வளவுதானா உங்கள் உறுதி?" என்ற ஒரு கேள்வி, அந்த ஒரு பீடியை மீண்டும் ஒரு கட்டாக மாற்றிவிடக்கூடும். எங்கே, யாருடன், எந்த நேரத்தில் என்று அமைதியாகக் கேட்டறியுங்கள். அடுத்த விழாவில் எங்கே அமர்வது, யார் உடனிருப்பது என்று அவருடன் சேர்ந்து திட்டமிடுங்கள். சறுக்கியவர் பெரும்பாலும் தரைக்கு வருவதில்லை, ஒரு படி கீழிறங்குகிறார்.

இவ்விளக்கத்துக்கும் எல்லை உண்டு. எல்லோரும் ஒவ்வொரு படியிலும் காலூன்றி ஏறுவதில்லை. மாரடைப்பு வந்த நாளிலேயே பீடியை அறவே விட்டவர்களும் உள்ளனர். படிக்கேற்பத் தரும் உதவி, எல்லோருக்கும் பொதுவாகத் தரும் உதவியைவிட மிகுந்த பலன் தரும் என்பதும் உறுதியாக மெய்ப்பிக்கப்படவில்லை. ஆகவே, "அவர் இன்னும் தயாராகவில்லை" என்று எவரையும் காத்திருக்க வைக்க வேண்டாம். எந்தப் படியில் இருப்பவரும் மருந்தையும் ஆலோசனையையும் கேட்டுப் பெறலாம். பேச்சை எங்கே தொடங்குவது என்பதற்கு மட்டுமே இந்தப் படிகள் வழிகாட்டி. அடுத்த பரிசோதனைக்கு வரும்போது, அவர் கடைசியாக என்ன சொன்னார் என்பதை அவருடைய சொற்களிலேயே எங்களிடம் கூறுங்கள்; எங்கள் பேச்சை அங்கிருந்து தொடங்குவோம்.