ஏழரை மணிக் கூட்டம் ஆறரைக்கு வந்தது ஏன்?

சென்னையில் ஒரு மென்பொருள் குழு, நியூயார்க்கில் வாடிக்கையாளர், லண்டனில் மேலாளர். செவ்வாய்தோறும் கூட்டம்: நியூயார்க்கில் காலை 9, லண்டனில் பிற்பகல் 2, சென்னையில் இரவு 7.30. 2026 மார்ச் 8, ஞாயிறு அதிகாலையில் அமெரிக்கா கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறது. இந்தியக் கடிகாரமோ அசைவதில்லை. அப்படியானால் 10ஆம் தேதிக் கூட்டம் எத்தனை மணிக்கு?

அழைப்பு எந்த ஊர் நேரத்தில் போடப்பட்டது என்பதைப் பொறுத்தது அது. சென்னைக்காரர் தன் கணினியில் 7.30 என்று போட்டு அனுப்பினால், காலண்டர் அதைச் சென்னை நேரமாகவே பிடித்துக்கொள்ளும். நியூயார்க்கில் கூட்டம் 10 மணிக்குப் போய்விடும். நியூயார்க் நேரத்தில் போட்டிருந்தால் அங்கே 9 மாறாது, சென்னையில் 6.30 ஆகும். யாராவது ஒருவர் நகர்ந்தே ஆக வேண்டும். யார் என்று முதலிலேயே பேசிக்கொள்ளாததால்தான் பாதிக் குழப்பம்.

வாடிக்கையாளரின் 9 மணியே நிலையானது என்று முடிவானால், கூகுள் காலண்டரில் நேரத்துக்கு அருகே உள்ள `Time zone` என்பதை அழுத்தி நியூயார்க்கைத் தேர்ந்தெடுத்து, 9 மணி என்று கொடுக்க வேண்டும். சென்னையில் உட்கார்ந்துகொண்டே இதைச் செய்யலாம். உள்ளே அது இப்படிப் பதிவாகும்:

```
DTSTART;TZID=America/New_York:20260303T090000
RRULE:FREQ=WEEKLY;BYDAY=TU
```

முதல் வரியில் மணியோடு ஊர்ப் பெயரும் இருப்பதைக் கவனிக்கலாம். கடிகாரம் மாறும் நாளைக் காலண்டர் கண்டுபிடிப்பது அந்தப் பெயரை வைத்துத்தான். அதே நேரத்தை உலகப் பொது நேரமாக `20260303T140000Z` என்று எழுதினால் ஊர் காணாமல் போகிறது. யாருக்கும் பாதகமில்லாத பொது நேரம் என்று நினைத்துச் சிலர் இதையே விரும்பிப் போடுகிறார்கள். ஆனால் மார்ச் 10 அன்று நியூயார்க்கில் அதுவும் 10 மணிதான்.

லண்டன் மேலாளர் கதை தனி. ஐரோப்பாவில் கடிகாரம் மாறுவது மார்ச் 29இல். அதனால் நியூயார்க்கின் 9 மணிக் கூட்டம் அவருக்கு மார்ச் 10, 17, 24 ஆகிய மூன்று செவ்வாய்களில் பிற்பகல் 1 மணிக்கு வந்து, 31ஆம் தேதி பழையபடி 2க்குத் திரும்பும். சாப்பாட்டு நேரத்தில் ஏன் கூட்டம் என்று அவர் கேட்கலாம். காலண்டரில் பிழை ஏதும் இல்லை.

அழைப்பை அனுப்பிய கையோடு மார்ச் 3, 10, 31 ஆகிய தேதிகளைக் காலண்டரில் திறந்து பார்த்துவிடலாம். சென்னையில் முறையே 7.30, 6.30, 6.30 என்று காட்டினால் சரி. மூன்றிலும் 7.30 என்றே நின்றால், நியூயார்க்கைத் தேர்ந்தெடுக்க மறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். திருத்தும்போது அந்த ஒரு வாரத்தை மட்டும் கையால் நகர்த்தாமல், தொடர் முழுவதற்கும் மண்டலத்தை மாற்ற வேண்டும்.

அக்டோபரில் ஐரோப்பா முந்திக்கொள்ளும். அங்கே 25ஆம் தேதி, அமெரிக்காவில் நவம்பர் 1. லண்டன்காரருக்கு அக்டோபர் 27 அன்று மட்டும் மறுபடியும் 1 மணிக் கூட்டம். சென்னைக்கு நவம்பர் 3 முதல் மீண்டும் ஏழரை.