பில்லும் ஆர்டரும் ஒத்துப்போனால் போதுமா?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி, பெட்டிக்கு 40 ரூபாய் விலையில் 5,000 அட்டைப்பெட்டிகளுக்கு ஆர்டர் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் லாரியில் 3,000 பெட்டி வருகிறது, அதற்கான பில்லும் வருகிறது. அடுத்த வாரம் இரண்டாவது லாரி. டெலிவரி சலானில் 2,000 என்று இருக்கிறது. இறக்கி எண்ணினால் 1,880. அதிலும் 60 பெட்டி மழையில் நனைந்து ஊறிவிட்டதால் திருப்பி அனுப்புகிறார்கள். பில் மட்டும் முழு 2,000 பெட்டிக்கு வந்து சேர்கிறது.

கணக்குப் பிரிவில் இருப்பவர் ஆர்டரை எடுத்துப் பார்க்கிறார். ஆர்டர் 5,000, இரண்டு பில்லும் சேர்ந்து 5,000. விலையும் சரி. அவர் பணத்தை விடுவித்துவிட்டால் அதில் தப்பு சொல்லவும் முடியாது. வந்த சரக்கின் கணக்கு அவர் கண்ணில் படவே இல்லையே!

இதற்குத்தான் ஆர்டர் கண்காணிப்புப் பட்டியல். எக்செல் போதும். ஆர்டரில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி. B-யில் ஆர்டர் செய்த அளவு, C-யில் இதுவரை வந்து ஏற்றுக்கொண்ட அளவு, D-யில் இதுவரை பில் போட்ட அளவு. E-யில் இந்தச் சூத்திரம்:

```
=D2-MIN(B2,C2)
```

முதல் லாரிக்குப் பிறகு விடை பூஜ்யம். மீதிச் சரக்கு வராவிட்டாலும் அந்த பில்லுக்குப் பணம் கொடுக்கலாம். இரண்டாவது பில்லைப் பதிந்ததும் விடை 180 ஆகிறது. ஏற்றுக்கொண்டது 4,820 தானே. 180 பெட்டிக்கு 7,200 ரூபாய், ஜிஎஸ்டி தனி. விடை மைனஸில் இருந்தால் பயமில்லை, சரக்கு வந்து பில் வரவேண்டியிருக்கிறது என்று பொருள். ஆர்டருக்கு மேல் சரக்கை இறக்கி அதற்கும் பில் போட்டாலும் இதே சூத்திரம் பிடித்துவிடும்.

எல்லாம் C-யில் எழுதும் எண்ணைப் பொறுத்தது. ஸ்டோர் கீப்பர் சலானைப் பார்த்து 2,000 என்று எழுதிவிட்டால் பட்டியல் இருந்தும் பயனில்லை. சில இடங்களில் அவருக்குக் கொடுக்கும் ஆர்டர் நகலில் அளவை மறைத்தே கொடுக்கிறார்கள், எண்ணித்தான் எழுத வேண்டும் என்பதற்காக. கட்டாயம் பின்பற்ற வேண்டிய வழக்கம் என்பேன். அலகும் ஒன்றாக இருக்க வேண்டும்: ஆர்டர் கிலோவிலும் வரவு மூட்டையிலும் இருந்தால் கழித்து வரும் விடைக்கு அர்த்தம் கிடையாது.

வித்தியாசம் தெரிந்ததும் தாமதிக்கக் கூடாது. விற்றவர் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனமாக இருந்தால், 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி சரக்கு வந்த 15 நாளுக்குள் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் சரக்கை ஏற்றுக்கொண்டதாகவே ஆகும். பணம் கொடுக்கும் கெடுவும் சரக்கு வந்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். அதனால் மாதக் கடைசியில் மொத்தமாகப் பதிவது உதவாது, லாரி இறக்கிய அன்றே C-யில் எண் ஏற வேண்டும்.