மண் டெம்போவுக்கு ஃபைன் கட்டியாச்சு... மறுபடியும் திருட்டு கேஸ் போட முடியுமா?

ஒரே குற்றத்துக்கு ஒருவரை இரண்டு முறை தண்டிக்கக் கூடாது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி குற்றம்சாட்டப்பட்டவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. இந்த இரண்டும் அரசியல் சாசனத்தின் 20-வது பிரிவில் இருக்கின்றன. ஆனால், நடைமுறையில் இந்தப் பாதுகாப்பு எங்கே தொடங்குகிறது, எங்கே நின்றுவிடுகிறது?

குமரி மாவட்டத்துக்குப் பழக்கமான ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். இராஜாக்கமங்கலம் பக்கம் ஒரு குளத்தில் ராத்திரியோடு ராத்திரியாக ஜேசிபி வைத்து மண் அள்ளுகிறார்கள். நடைச்சீட்டு இல்லாமல் போன டெம்போ பிடிபடுகிறது. உரிமையாளர் கனிமவளத் துறைக்கு அபராதம் கட்டி வண்டியை மீட்டுவிடுகிறார். "கேஸ் முடிஞ்சிட்டு" என்று அவர் நிம்மதியாக இருக்கும்போது, அதே மண்ணுக்காகப் போலீஸ் திருட்டு வழக்கு பதிவு செய்கிறது. (இது விளக்கத்துக்கான கற்பனை உதாரணம்தான்.)

இது இரட்டைத் தண்டனை இல்லையா?

இல்லை என்கிறது உச்ச நீதிமன்றம். 2020 டிசம்பரில் வந்த 'ஜெயந்த் எதிர் மத்தியப் பிரதேச அரசு' தீர்ப்பு கிட்டத்தட்ட இதே கதைதான். அங்கும் சட்டவிரோதமாகக் கனிமம் எடுத்தவர்கள், துறைக்குப் பணம் கட்டி விவகாரத்தை முடித்துக்கொண்டார்கள். பிறகு செய்தித்தாளில் வந்த தகவலைப் பார்த்து, மாஜிஸ்திரேட் தாமாகவே எஃப்ஐஆர் பதிவு செய்ய உத்தரவிட்டார். பணம் கட்டிவிட்டதால் கனிமச் சட்டத்தின்கீழ் இனி நடவடிக்கை எடுக்க முடியாது. ஆனால் இந்திய தண்டனைச் சட்டத்தின்படி போட்ட திருட்டு வழக்கு தொடரலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

காரணம் எளிதானது. அனுமதி இல்லாமல் கனிமம் எடுப்பது ஒரு குற்றம். அரசுக்குச் சொந்தமான பொருளை, அரசின் சம்மதம் இல்லாமல் எடுத்துச் செல்வது இன்னொரு குற்றம். யமுனை ஆற்று மணல் தொடர்பான 2014-ம் ஆண்டு 'சஞ்சய்' வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இந்த வித்தியாசத்தைச் சொல்லிவிட்டது. செயல் ஒன்றாக இருந்தாலும் குற்றங்கள் இரண்டாக இருக்கலாம்.

அதிகாரியிடம் கட்டிய அபராதம் 'தண்டனை' ஆகாதா?

இதற்கான பதில் 1953-லேயே வந்துவிட்டது. ஜெட்டாவிலிருந்து பம்பாய் விமான நிலையத்தில் வந்து இறங்கிய மக்பூல் ஹுசைன் என்பவரிடம் கணக்கில் காட்டாத தங்கம் இருந்தது. சுங்கத்துறை அதைப் பறிமுதல் செய்தது. வேண்டுமானால் 12,000 ரூபாய் கட்டி மீட்டுக்கொள்ளலாம் என்றது. அதன்பின் அந்நியச் செலாவணிச் சட்டத்தில் அவர்மீது வழக்கும் தொடரப்பட்டது. "ஏற்கெனவே தண்டித்துவிட்டார்களே" என்றார் அவர். சுங்க அதிகாரி நீதிமன்றம் அல்ல, எனவே அங்கே நடந்தது 20-வது பிரிவு சொல்லும் 'விசாரணையும் தண்டனையும்' அல்ல என்று அவரது வாதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது.

அப்படியானால் பாதுகாப்பு எப்போது கிடைக்கும்?

நீதிமன்றம் ஒன்று விசாரித்துத் தீர்ப்பு சொன்ன பிறகு. நம் உதாரணத்தில், திருட்டு வழக்கை விசாரித்து நாகர்கோவில் நீதிமன்றம் உரிமையாளருக்குத் தண்டனை கொடுத்தால், அதே திருட்டுக்கு இன்னொரு வழக்கு போட முடியாது.

அவர் விடுதலையானால்? சாசனப் பிரிவு, வழக்குத் தொடரப்பட்டுத் தண்டனையும் பெற்றவரைப் பற்றி மட்டுமே பேசுகிறது. விடுதலையானவரைக் காப்பாற்றுவது நடைமுறைச் சட்டம். பழைய சிஆர்பிசி 300-வது பிரிவு, இப்போது பிஎன்எஸ்எஸ் 337. ஆனால், விடுதலையை எதிர்த்து அரசு மேல்முறையீடு செய்தால், அது அதே வழக்கின் தொடர்ச்சி. அதை இரண்டாவது வழக்கு என்று சொல்லித் தடுக்க முடியாது. விசாரணைக்கு முன்பே 'ஆதாரம் போதாது' என்று வழக்கிலிருந்து விடுவிப்பதும் விடுதலைத் தீர்ப்பு ஆகாது. புதிய ஆதாரம் வந்தால் வழக்கு திரும்பி வரலாம்.

ஸ்டேஷனில் கேட்கும் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லணுமா?

"மண்ணை எங்கே அள்ளினே, யாருக்கு வித்தே?" என்று டிரைவரிடம் கேட்கிறார்கள். பதில் சொன்னால் அவரே மாட்டிக்கொள்வார். இங்கேதான் 20-வது பிரிவின் மூன்றாவது உட்பிரிவு வருகிறது. ஒடிசா முன்னாள் முதல்வர் நந்தினி சத்பதி, விசாரணையில் எழுத்து மூலமாகக் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுத்ததற்காகவே அவர்மீது வழக்கு தொடரப்பட்டது. 1978-ல் அந்த வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இந்த உரிமை நீதிமன்றக் கூண்டில் மட்டுமல்ல, காவல் நிலையத்திலும் உண்டு என்றது. பக்கத்தில் வக்கீல் இருக்க வேண்டும் என்று கேட்டால் அதை மறுக்கக் கூடாது என்றும் சொன்னது.

ஆனால், இது மௌனத்துக்கான உரிமை. பொய் சொல்வதற்கான உரிமை அல்ல. தன்னைக் குற்றத்தில் சிக்கவைக்கும் கேள்விக்கு மட்டும் பதில் மறுக்கலாம். மற்றவற்றுக்கு உண்மையைத்தான் சொல்ல வேண்டும்.

இன்னொரு எல்லையும் இருக்கிறது. கோயம்புத்தூரில் ஒருவர் டிஎஸ்பியிடம் லஞ்சப் பண உறையை நீட்டினார். டிஎஸ்பி வாங்க மறுத்தார். பிறகு அவரைத் தன் அலுவலகத்துக்கு வரவழைத்து அதே பணத்தை எடுத்து வைக்கச் சொன்னார். அவரும் எடுத்து வைத்தார். 'முகமது தஸ்தகீர் எதிர் மதராஸ் மாநிலம்' வழக்கில் 1960-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது: அந்த நேரத்தில் அவர் குற்றம்சாட்டப்பட்டவர் அல்ல, அவரை யாரும் கட்டாயப்படுத்தவும் இல்லை. எனவே பாதுகாப்பும் இல்லை.

கைரேகை, குரல், போன் பாஸ்வேர்டு?

மனதில் இருப்பதைச் சொல்ல வைப்பதுதான் 'சாட்சி'. உடலில் இருப்பதை எடுப்பது அப்படி இல்லை. கைரேகை, கையெழுத்து மாதிரி எடுப்பதை 1961-லும், குரல் மாதிரி எடுப்பதை 2019-லும் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அதே நேரம், சம்மதமில்லாமல் நார்கோ சோதனை, பாலிகிராஃப் நடத்தக் கூடாது என்று 2010-ல் 'செல்வி' வழக்கில் சொன்னது.

டிரைவரின் போன்தான் சிக்கல். விரலை வைத்துத் திறந்தால் அது கைரேகை போன்றது. பாஸ்வேர்டைச் சொல்வதோ நினைவில் இருப்பதைச் சொல்வது. பாஸ்வேர்டு கேட்பது இந்த உரிமையை மீறாது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2021-ல் சொன்னது. கட்டாயப்படுத்த முடியாது என்று டெல்லி சிபிஐ சிறப்பு நீதிமன்றம் 2022-ல் சொன்னது.

இந்த நிலைமையில் இருப்பவர் கவனிக்க வேண்டியவை

அபராத ரசீதில் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று எழுதியிருக்கிறது என்பதைப் பார்த்துப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அந்தச் சட்டத்தின்கீழ் மறுபடி நடவடிக்கை வந்தால் அதுதான் கேடயம்.

விசாரணையில் போலீஸ் எழுதும் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. பிஎன்எஸ்எஸ் 181-வது பிரிவே அப்படித்தான் சொல்கிறது. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலமும் நீதிமன்றத்தில் செல்லாது. ஆனால், "மண்ணை அந்தத் தென்னந்தோப்புக்குப் பின்னால கொட்டியிருக்கேன்" என்று காவலில் இருக்கும் டிரைவர் சொல்லி, மண் அங்கே கிடைத்துவிட்டால், அந்த ஒரு வாக்கியம் ஆதாரமாகிவிடும். கட்டாயப்படுத்தித்தான் சொல்ல வைத்தார்கள் என்றால், அதை நீதிமன்றத்தில் அவர்தான் எழுப்ப வேண்டும்.