கேட்க வேண்டியது லீவ் அல்ல, ஓ.டி.

காரைக்கால் அரசியல் எல்லைப்படி புதுச்சேரியைச் சேர்ந்தது. ஆனால் காரைக்காலிலிருந்து புதுச்சேரி நகருக்குப் போக தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் எனத் தமிழ்நாட்டைக் கடந்தாக வேண்டும். பேருந்தில் எப்படியும் மூன்றரை, நான்கு மணி நேரம். இங்குள்ள அறிஞர் அண்ணா அரசு கலை அறிவியல் கல்லூரியும் அவ்வையார் அரசு மகளிர் கல்லூரியும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. அதனால் பல்கலைக்கழகப் போட்டி புதுச்சேரியில் என்றால் காரைக்கால் மாணவர் துறைத்தலைவருக்கு எழுதும் கடிதத்தில், புதுச்சேரி நகர மாணவருக்குத் தேவைப்படாத ஒரு வரி கூடுதலாக வேண்டும்: பயண நேரம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். புதன் முதல் வெள்ளி வரை கபடிப் போட்டி. புதன் காலை 8 மணிக்கு மைதானத்தில் இருக்க வேண்டும். அணி செவ்வாய் மதியமே கிளம்பினால்தான் இரவு ஓய்வு கிடைக்கும். செவ்வாய் பிற்பகலோ லேப். கடிதத்தில் 'புதன் முதல் வெள்ளி வரை' என்று மட்டும் எழுதிவிட்டால் அந்த லேப் வகுப்புக்கு ஆப்சென்ட்தான்.

இதைவிடப் பெரிய பிழை, பழக்கத்தில் 'விடுப்பு அளிக்கவும்' என்று எழுதுவது. விடுப்பு அனுமதிக்கப்பட்டாலும் வருகைப் பதிவில் அது வராத நாள்தான். கல்லூரிக்காக ஆடப் போகிறவர் கேட்க வேண்டியது ஓ.டி., அதாவது பணி நிமித்த அனுமதி. பருவத்துக்கு 90 வேலை நாள், குறைந்தது 75 சதவீத வருகை என்று வைத்துக்கொண்டால் 68 நாள் தேவை. காய்ச்சல், கல்யாணம் என்று ஏற்கெனவே 20 நாள் போனவருக்கு இந்த மூன்றரை நாளும் விடுப்பானால் மிஞ்சுவது 66½ நாள். தேர்வு எழுதுவதே சிக்கலாகிவிடும். ஓ.டி. கிடைத்தால் 70 நாள், தப்பித்துவிடுவார். ஓ.டி.க்கு எத்தனை நாள் வரை இடம் தருவார்கள் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.

கடிதம் ஒரு பக்கம் போதும். அனுப்புநரில் பெயர், வகுப்பு, பதிவு எண். பொருளில் போட்டியின் பெயர், இடம், தேதி. உள்ளே, 'கல்லூரிக் கபடி அணியில் தேர்வாகியுள்ளேன். அணி செவ்வாய் பிற்பகல் 1 மணிக்குப் புறப்படுகிறது. செவ்வாய் பிற்பகல் முதல் வெள்ளி மாலை வரை ஓ.டி. வழங்க வேண்டுகிறேன். வியாழனன்று உள்ள அகமதிப்பீட்டுத் தேர்வை வேறு நாளில் எழுத அனுமதி வேண்டுகிறேன்' என்றால் விஷயம் முடிந்தது. விளையாட்டின் பெருமையைப் பற்றி ஒரு பத்தி எழுதுகிறவர்களும் உண்டு. அதை யாரும் படிப்பதில்லை. துறைத்தலைவர் முதலில் தேடுவது உடற்கல்வி இயக்குநரின் கையெழுத்தையும் இணைத்திருக்கும் அணிப் பட்டியலையும்தான்.

நாக்-அவுட் போட்டியானால் ஒரு வரி சேர்க்கலாம்: 'முதல் சுற்றிலேயே வெளியேறினால் மறுநாளே வகுப்புக்கு வருவேன்.' புதனன்றே தோற்ற அணி வெள்ளி வரை ஓ.டி.யில் இருந்தால், அடுத்த முறை அதே துறையில் கையெழுத்து வாங்குவது கஷ்டம். திரும்பியதும் பங்கேற்புச் சான்றிதழின் நகலைத் துறையில் கொடுத்துவிட்டு, வருகைப் பதிவில் ஓ.டி. ஏறியிருக்கிறதா என்று மாதக் கடைசிக்குள் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.